மலேரியா நாட்டுக்குப் போகும் பிள்ளைக்கு எத்தனை மாத்திரை, எத்தனை நாள்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதம் நாங்கள் பேச எடுத்துக்கொண்டது ஒரு உறுப்பினர் கேட்ட கேள்வி. அவங்க வீட்டுக்காரர் நைஜீரியா நாட்டில் லாகோஸ் நகரத்தில் வேலை பார்க்கிறார். கோடை விடுமுறையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாலு வாரம் போய் இருந்துவிட்டு வரலாம் என்று திட்டம். "அங்க மலேரியா அதிகமாமே, பிள்ளைக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுக்கணும்னு சொல்றாங்க. என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்கள். நம் மாவட்டத்தில் கறம்பக்குடி, ஆலங்குடி, அறந்தாங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடு உண்டு. அதனால் இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நிற்கிற கேள்வி இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மாத்திரையை எழுதிக்கொடுக்க வேண்டியவர் டாக்டர். நாங்கள் சொல்லப் போகிற கணக்கு, டாக்டர் எழுதியதை நீங்கள் புரிந்துகொண்டு, தவறாமல் கொடுத்து முடிப்பதற்காகத்தான்.

எல்லா ஊருக்கும் மாத்திரை வேண்டாம்

சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிற பிள்ளைக்கு மலேரியாத் தடுப்பு மாத்திரை தேவையில்லை. இலங்கைக்கும் தேவையில்லை. அங்கே ஒரு காலத்தில் மலேரியா ஆட்டிப் படைத்தது. ஆனால் 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்துவிட்டது.

ஆனால் ஆப்பிரிக்காவில் நைஜீரியா, கானா, உகாண்டா, காங்கோ, மொசாம்பிக் போன்ற நாடுகளுக்குப் போனால் கட்டாயம் வேண்டும். உலகத்திலேயே மலேரியாவால் அதிகம் பேர் இறந்துபோகிற நாடு நைஜீரியா. அதில் பெரும்பாலானவர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அங்கே இருப்பது ஃபால்சிபாரம் என்ற வகை. நம் பக்கம் மலேரியா என்று வந்தால் பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வகைதான். அது ஆளை வாட்டி எடுக்கும், உயிரை எடுப்பது குறைவு. ஃபால்சிபாரம் அப்படி இல்லை. காய்ச்சல் கண்டு ஒன்றிரண்டு நாளிலேயே மூளையைத் தாக்கி, குழந்தையை நினைவில்லாமல் ஆக்கிவிடும்.

நம் நாட்டுக்குள்ளேயும் ஒடிசாவில் மல்காங்கிரி, சத்தீஸ்கரில் பஸ்தர் போன்ற காட்டுப் பகுதிகளில் இந்த வகை உண்டு. போர்வெல் வண்டி வேலை, ரோடு வேலை என்று குடும்பத்தோடு அந்தப் பக்கம் போகிறவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் போகவேண்டும்.

"நாங்க மாத்திரையா சாப்பிடுறோம்?"

இந்த வார்த்தை அங்கேயே இருக்கிற வீட்டுக்காரர்களிடமிருந்து வரும். "நான் ஆறு வருஷமா இருக்கேன், மூணு தடவ காய்ச்சல் வந்துச்சு, ஊசி போட்டேன், சரியாப் போச்சு. இங்க யாரும் தடுப்பு மாத்திரை சாப்பிடறதில்ல" என்று போனில் சொல்வார்கள். பல வீடுகளில் இந்த ஒரு பேச்சோடு மாத்திரை விஷயம் முடிந்துபோகிறது.

அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அது அவர் உடம்புக்குப் பொருந்துகிற பேச்சு. மலேரியா திரும்பத் திரும்ப வந்த பெரியவர் உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி சேர்ந்திருக்கும். அது நோயைத் தடுக்காது, நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்த ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்தச் சக்தி துளியும் கிடையாது. முதல் கடியிலேயே முழு வேகத்தில் தாக்கும். அப்பாவுக்கு மூணு நாள் காய்ச்சலாக வந்து போனது, பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் வந்து நிற்கலாம். வீட்டுக்காரர் போனில் கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்த மனிதரே ஊருக்கு வந்து ஒன்றிரண்டு வருஷம் தங்கிவிட்டால், சேர்ந்த சக்தியும் மெல்லக் கரைந்துவிடும். மறுபடி போகும்போது அவரும் ஏமாறக்கூடாது.

எந்த மாத்திரை?

நம்மில் வயதானவர்களுக்கு ஒரு ஞாபகம் இருக்கும். முன்பெல்லாம் காய்ச்சல் என்றாலே கசப்பு மாத்திரை ஒன்று கொடுப்பார்கள். அது குளோரோகுயின். வாரம் ஒரு முறை அதைப் போட்டால் மலேரியா வராது என்றும் சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் இப்போது அது பலிக்காது. ஃபால்சிபாரம் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. ஆகவே பக்கத்து வீட்டில் மிச்சம் இருக்கிற குளோரோகுயினைக் கொடுத்து அனுப்பினால், பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

இப்போது டாக்டர்கள் எழுதுவது மூன்று மருந்துகளில் ஒன்று.

முதலாவது டாக்சிசைக்ளின். இது தினமும் போடுவது. எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கக்கூடாது என்பது நம் நாட்டு மலேரியா மருந்துக் கொள்கை. வளரும் பல்லில் கறை விழும் என்பது காரணம். கர்ப்பிணிகளுக்கும் கூடாது. நம் கணக்கில் வரும் பையனுக்கு ஆறு வயது. அதனால் இந்த மருந்து அவனுக்கு இல்லை.

இரண்டாவது மெஃப்ளோகுயின். இது வாரம் ஒரு முறை போடுவது. சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். ஆனால் வலிப்பு வந்த பிள்ளை, மனநலக் கோளாறு உள்ளவர், இருதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர் சாப்பிடக்கூடாது. சிறுவயதில் ஒரே ஒரு தடவை வலிப்பு வந்திருந்தாலும், அது காய்ச்சலில் வந்த வலிப்பாகவே இருந்தாலும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது அட்டோவாகுவோன், புரோகுவானில் என்ற இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை. இது தினமும் போடுவது. பக்கவிளைவு குறைவு. ஆனால் விலை அதிகம், எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. குழந்தைகளுக்கான சின்ன மாத்திரையைத் தேடிப் பிடிக்கவேண்டும்.

எடைதான் கணக்கு, வயசு இல்லை

பெரியவர் மாத்திரையில் பாதி கொடுத்தால் போதும் என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. இந்த விஷயத்தில் அது ஆகாது. ஒரே வயசுப் பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருவன் 16 கிலோ, ஒருவன் 24 கிலோ இருப்பான். மருந்து உடம்பின் எடைக்கு ஏற்றபடி போகவேண்டும்.

மூன்றாவதாகச் சொன்ன மருந்தின் குழந்தை மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதில் அட்டோவாகுவோன் 62.5 மில்லிகிராம், புரோகுவானில் 25 மில்லிகிராம் இருக்கும். அளவு இப்படி:

10 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை: தினம் ஒரு குழந்தை மாத்திரை.
20 கிலோவுக்கு மேல் 30 கிலோ வரை: தினம் இரண்டு.
30 கிலோவுக்கு மேல் 40 கிலோ வரை: தினம் மூன்று.
40 கிலோவுக்கு மேல்: பெரியவர் மாத்திரை ஒன்று.

10 கிலோவுக்குக் குறைந்த கைக்குழந்தையின் அளவை இங்கே சொல்லவில்லை. அதைக் குழந்தை டாக்டர்தான் தீர்மானிக்கணும்.

நம் பையன் எடை 19 கிலோ. அப்படியானால் தினம் ஒன்று. இதே பையன் 21 கிலோ இருந்தால் தினம் இரண்டு. இரண்டு கிலோ வித்தியாசத்தில் மாத்திரை இரட்டிப்பாகிறது பாருங்கள். அதனால்தான் எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லக்கூடாது என்கிறோம். பள்ளிக்கூடத்தில் போன வருஷம் எழுதி வைத்த எடையும் உதவாது. புறப்படும் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ செருப்பு, கனமான துணி இல்லாமல் நிறுத்துப் பாருங்கள். முள் 20-க்குப் பக்கத்தில் நின்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குழந்தை மாத்திரை கிடைக்காமல் பெரியவர் மாத்திரைதான் கிடைத்தது என்று வையுங்கள். ஒரு பெரிய மாத்திரையில் நாலு சின்ன மாத்திரை மருந்து இருக்கிறது. கணக்குப்படி கால் மாத்திரை. ஆனால் வீட்டில் கத்தியை வைத்து நாலாக வெட்டினால் ஒரு துண்டு பெரிசாகவும் ஒரு துண்டு தூளாகவும் போகும். பிள்ளைக்கு ஒருநாள் கூடவும் ஒருநாள் குறைவாகவும் சேரும். இதை டாக்டரிடம் சொல்லி, மருந்தாளுநரையே அளந்து பொட்டலம் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எத்தனை நாள்: தேதி போட்டு எண்ணுவோம்

இப்போது நாள் கணக்கு. இதில்தான் பலர் தவறுகிறார்கள். போய் இறங்கிய நாளில் ஆரம்பித்து, கிளம்புகிற நாளில் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு முனையிலும் நாள் விட்டுப்போகிறது.

பையனும் அம்மாவும் மே 3 இரவு சென்னையில் விமானம் ஏறி, மே 4 லாகோஸ் இறங்குகிறார்கள். மே 31 மாலை அங்கிருந்து கிளம்புகிறார்கள். அட்டோவாகுவோன் சேர்ந்த மாத்திரை என்றால் இரண்டு நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும். மே 2, மே 3, ஆக 2 நாள். அங்கே இருப்பது மே 4 முதல் 31 வரை, 28 நாள். கிளம்பிய பிறகு 7 நாள், ஜூன் 1 முதல் 7 வரை. கூட்டினால் 37 நாள். தினம் ஒன்று வீதம் 37 மாத்திரை. பையன் 21 கிலோவாக இருந்தால் 74 மாத்திரை. கைதவறி விழுவது, வாந்தி எடுப்பது இதற்கெல்லாம் நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள். இந்த எண்ணிக்கையை முன்னாடியே போட்டுக்கொண்டால் மருந்துச் செலவையும் பயணச் செலவோடு சேர்த்துத் திட்டமிடலாம்.

இதே பையனுக்கு மெஃப்ளோகுயின் என்றால் கணக்கு வேறு. வாரம் ஒரு நாள், கிழமை மாறாமல். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன் ஆரம்பித்து, திரும்பிய பிறகு நாலு வாரம் வரை. ஏப்ரல் 19, 26, மே 3, 10, 17, 24, 31, ஜூன் 7, 14, 21, 28. எண்ணிப் பாருங்கள், 11 தடவை.

இதன் அளவு நம் நாட்டுக் கொள்கைப்படி எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். 19 கிலோவுக்கு 95 மில்லிகிராம் வருகிறது. மாத்திரையோ 250 மில்லிகிராம். 95 என்பது கால் மாத்திரைக்குக் கூட, அரை மாத்திரைக்குக் குறைவு. இந்த எடைப் பிள்ளைக்கு அமெரிக்க அட்டவணை கால் மாத்திரை என்கிறது, பிரிட்டன் அட்டவணை அரை என்கிறது. பெரிய நாடுகளே இரண்டு விதமாகச் சொல்லும்போது நாம் கையால் உடைத்து முடிவு பண்ண முடியாது. டாக்டர் எழுதிய அளவுதான் அளவு.

ஏன் ஒன்றுக்கு 7 நாள், ஒன்றுக்கு 4 வாரம்?

காரணம் தெரிந்தால் மறக்காது, அதனால் சொல்கிறோம். கொசு கடித்ததும் மலேரியாக் கிருமி நேராக இரத்தத்தில் பெருகுவதில்லை. முதலில் ஈரலுக்குப் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கே ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் இருந்து பெருகி, பிறகுதான் இரத்தத்தில் இறங்குகிறது. அப்போதுதான் காய்ச்சல்.

மெஃப்ளோகுயினும் டாக்சிசைக்ளினும் இரத்தத்தில் இறங்கிய கிருமியைத்தான் பிடிக்கும். ஈரலில் இருக்கிற கிருமியை ஒன்றும் செய்யாது. ஆகவே கடைசிக் கிருமி வெளியே வரும்வரை காவல் இருக்கணும். அதற்காக நாலு வாரம். அட்டோவாகுவோன் சேர்ந்த மாத்திரை ஈரலிலேயே கிருமியைப் பிடித்துவிடும். அதனால் ஏழு நாள் போதும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். மே 30 ராத்திரி பையனை ஒரு கொசு கடித்துவிட்டது. மறுநாள் ஊருக்குக் கிளம்பியாச்சு. "ஊருக்குத்தான் வந்துட்டோமே, இனி எதுக்கு மாத்திரை" என்று நிறுத்திவிட்டால், ஈரலில் இருக்கிற கிருமிக்கு வழி திறந்துவிட்ட மாதிரி. ஜூன் இரண்டாவது வாரம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் காய்ச்சல் வரும். அது ஆப்பிரிக்கக் கொசு கொடுத்த காய்ச்சல் என்று யாருக்கும் தோன்றாது. மாத்திரைப் பெட்டியில் மிச்சம் இருந்தால் அது சேமிப்பு இல்லை, விட்டுப்போன பாதுகாப்பு.

கொடுக்கும் முறை

அட்டோவாகுவோன் சேர்ந்த மாத்திரை வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு போனால்தான் சேரும். ஒரு டம்ளர் பால், நெய் விட்ட பருப்புச் சோறு, இப்படி ஏதாவது ஒன்று. தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். இராத்திரி சாப்பாட்டோடு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. விழுங்கத் தெரியாத பிள்ளைக்குப் பொடித்து, கெட்டிப்பாலில் குழைத்துக் கொடுக்கலாம். கொடுத்ததும் முழுசாக உள்ளே போனதா என்று பாருங்கள்.

இந்த மாத்திரையைச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால், அதே அளவை மறுபடி கொடுக்கணும். ஒரு நாள் மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுங்கள். மறுநாள் இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

மெஃப்ளோகுயின் சாப்பிடும் பிள்ளை தூங்காமல் முழித்துக்கொண்டு இருந்தாலோ, கெட்ட கனவு கண்டு அலறினாலோ, காரணமில்லாமல் பயந்தாலோ, அழுதுகொண்டே இருந்தாலோ, அடுத்த மாத்திரையைக் கொடுக்கும் முன் டாக்டரைப் பாருங்கள். இரண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு மருந்துக்கு மாற்ற நம் ஊரிலேயே நேரம் இருக்கும்.

குழுவில் சந்தா, கடன் வரவுக்கு நாம் பதிவேடு போடுகிறோமே, அதேபோல ஒரு தாளில் மே 2 முதல் ஜூன் 7 வரை 37 கட்டம் போடுங்கள். கொடுத்த அன்று ஒரு டிக். அம்மா மறந்தாலும் தாள் சொல்லும். பிள்ளை கையில் மாத்திரை படாத உயரத்தில் வையுங்கள். மலேரியா மாத்திரை அளவு மீறிப்போனால் ஆபத்து. முக்கியமாக அந்தப் பழைய குளோரோகுயின், ஒன்றிரண்டு மாத்திரைகூட சின்னக் குழந்தையின் உயிரை எடுத்துவிடும்.

பால் குடிக்கும் குழந்தை கூட வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். அம்மா மாத்திரை சாப்பிட்டால் பால் வழியாகக் குழந்தைக்குப் போதுமான பாதுகாப்பு வராது. குழந்தைக்குத் தனியாகக் கேட்கணும். கர்ப்பமாக இருக்கிறவர்கள் அந்த நாடுகளுக்குப் போவதையே தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரிடம் பேசுங்கள்.

எப்போது, யாரிடம் போவது?

புறப்பட ஒன்றரை மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். நைஜீரியாவுக்குப் போய் வர மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்கும் அது உண்டு. அந்த ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் வேறு, மலேரியா வேறு. ஊசி போட்டாச்சு என்பதற்காக மாத்திரையை விட்டுவிடக்கூடாது. ஊசிக்குப் போகும்போதே மலேரியா மாத்திரை பற்றியும் கேட்டு வாருங்கள். அங்கே சரியாகத் தெரியாவிட்டால் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை டாக்டரைப் பாருங்கள். போகும்போது இந்த விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நாடு, எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பிள்ளையின் எடை, முன்பு வந்த வலிப்பு, இருதயக் கோளாறு, இப்போது சாப்பிடும் மருந்து.

முழு மாத்திரையையும் இங்கேயே வாங்கிவிடுங்கள். அங்கே போய் வாங்கிக்கலாம் என்று இருந்தால் முதல் நாட்கள் வீணாகும். போலி மாத்திரை மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டி தவறினாலும் மாத்திரை தவறாது.

மாத்திரை மட்டும் போதாது

எந்த மாத்திரையும் நூற்றுக்கு நூறு காப்பாற்றாது. மலேரியாக் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். மருந்து தோய்த்த கொசுவலைக்குள் பிள்ளை தூங்கவேண்டும், வலையின் ஓரம் பாய்க்கு அடியில் செருகியிருக்கணும். சாயங்காலம் முழுக்கைச் சட்டை, கால்சட்டை போடுங்கள். வலையும் மாத்திரையும் சேர்ந்தால்தான் காவல் முழுசாகும்.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால்

இதைக் கடைசியாகச் சொல்வது, மனதில் நிற்கட்டும் என்றுதான். போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆனதிலிருந்து, ஊர் திரும்பி மூன்று மாதம் வரை எப்போது காய்ச்சல் வந்தாலும் அது மலேரியாவாக இருக்கலாம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் இருக்கலாம். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத் தடவல் எடுப்பது இலவசம்.

டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "பிள்ளை நைஜீரியா போய் வந்திருக்கு" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் சளிக் காய்ச்சலையோ டெங்குவையோதான் முதலில் நினைப்பார். என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அந்த டிக் போட்ட தாளைக் காட்டுங்கள். தடுப்புக்குச் சாப்பிட்ட மருந்தையே நோய்க்கும் கொடுக்காமல் அவர் வேறு மருந்து பார்ப்பார். மிச்ச மாத்திரையை வைத்து நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள். முதல் சோதனையில் இல்லை என்று வந்து, காய்ச்சல் விடாமல் இருந்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்பச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்பத்தில் கிருமி கண்ணுக்குத் தப்பலாம்.

பிள்ளை மயக்கமாகத் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், தண்ணீர்கூட குடிக்கமுடியாமல் போனால், மூச்சு வாங்கினால், சிறுநீர் கறுத்துப் போனால், ஒரு மணி நேரமும் காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு 108-ல் கொண்டுபோங்கள்.

இன்னொரு வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் தூங்கிக் கிடந்து பிறகு எழும்பும். அதை இந்த மாத்திரைகள் தடுக்காது. அதனால் ஒரு வருஷம் வரைக்கும் காய்ச்சல் என்று போனால் பயணத்தைச் சொல்ல மறக்காதீர்கள். இது அந்தப் பிள்ளைக்கு மட்டும் இல்லை. காய்ச்சலோடு இருக்கிற பிள்ளையை நம் ஊர்க் கொசு கடித்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகவும் வழி இருக்கிறது.

உங்கள் குழுவில் யார் வீட்டிலாவது இப்படிப் பயணம் இருந்தால், அடுத்த வாரக் கூட்டத்திலேயே தேதியையும் பிள்ளையின் எடையையும் கேட்டு, இந்தக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், கூட்டமைப்பு அலுவலகத்திலும் எங்களைக் கேட்கலாம்.